இயந்திரம் எழுதிய மன்னிப்பு மெயில்: ஒட்டுப்போடுவதா, திரும்ப எழுதவைப்பதா, நாமே எழுதுவதா?

தக்கலைப் பக்கம் என் சித்தி நடத்தும் பலகாரக் கடைக்கு வரும் மெயில்களைப் பார்த்துப் பதில் போடுவது என் வேலை. நேந்திரங்காய் சிப்ஸ், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து என்று வெளியூருக்குக் கூரியரில் போகும் ஆர்டர்கள்தான் பெரும்பாலும். நாங்கள் பயன்படுத்தும் மெயில் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. புகார் மெயில் வந்தால் அதைப் படித்துவிட்டுப் பதிலுக்கு ஒரு வரைவை அதுவே எழுதி வைத்துவிடும். அனுப்பு என்று ஒரு தட்டு தட்டினால் போய்விடும். அந்த வரைவை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அப்படியே அனுப்பலாம், அங்கங்கே திருத்தலாம், நடந்ததைச் சொல்லிக் கொடுத்து மறுபடி எழுதவைக்கலாம், அல்லது தள்ளி வைத்துவிட்டு நாமே எழுதலாம். ஒரே புகாருக்கு இந்த நாலையும் செய்து பார்த்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

நடந்தது இது. பெங்களூரில் இருக்கும், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கமான ஒரு அக்கா, தங்கச்சியின் வளைகாப்புக்காக 100 முந்திரிக்கொத்து கேட்டிருந்தார். வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. சனிக்கிழமை கையில் இருக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். போய்ச் சேர்ந்தது அடுத்த திங்கட்கிழமை மதியம். அன்று சாயங்காலம் அவரிடமிருந்து மெயில் வந்தது. அதில் கோபம் அதிகமில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. "தட்டில் வைக்க ஒன்றுமில்லாமல் பக்கத்துக் கடையில் லட்டு வாங்கி வைத்தோம். நம்ம ஊர் முந்திரிக்கொத்து எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள்" என்று எழுதியிருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, வெல்லப் பாகில் உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரிப்பது முந்திரிக்கொத்து. எண்ணெயில் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி வருவதால் அந்தப் பேர். எங்கள் பக்கம் விசேஷத் தட்டில் அது இல்லையென்றால் எல்லோர் கண்ணிலும் படும். இது தெரியாமல் அந்த மெயிலுக்குப் பதில் எழுத முடியாது. இயந்திரத்துக்கு இது தெரியவில்லை. அது எழுதி வைத்திருந்த வரைவு இது:

> அன்புள்ள வாடிக்கையாளரே,
> எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. தங்கள் ஆர்டர் வழங்கலில் ஏற்பட்ட தாமதத்திற்கும், அதனால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமத்திற்கும் மனப்பூர்வமாக வருந்துகிறோம். எதிர்பாராத போக்குவரத்துக் காரணங்களால் இந்தத் தாமதம் நேர்ந்தது. வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் முதன்மையான குறிக்கோள். இது மீண்டும் நிகழாமல் இருக்க எங்கள் தரக் குழு உரிய நடவடிக்கைகளை எடுத்து வருகிறது. நல்லெண்ண அடையாளமாக, தங்கள் அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடி வழங்குகிறோம். தங்கள் பொறுமைக்கும் புரிதலுக்கும் நன்றி.

முதல் வழி, இதை அப்படியே அனுப்புவது. ஒரு நிமிட வேலை. பிழையில்லாத தமிழ், மரியாதையும் இருக்கிறது. ஆனால் மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். போக்குவரத்துக் காரணம் என்கிறது. அந்தத் தகவல் இயந்திரத்துக்கு எங்கிருந்து கிடைத்தது? எங்கிருந்தும் இல்லை. தாமதம் என்றால் பெரும்பாலான கடிதங்களில் அடுத்து வருவது போக்குவரத்து, அதனால் அதுவும் எழுதிவிட்டது. ஐந்தாவது வாக்கியத்தில் ஒரு தரக் குழு வருகிறது. எங்கள் கடையில் சித்தியையும் என்னையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். குழுவும் இல்லை, அப்போது ஒரு நடவடிக்கையும் எடுத்திருக்கவில்லை. ஏழு வாக்கியத்தில் இரண்டு பொய். என் பெயரைப் போட்டு அனுப்பினால் அது நான் சொன்ன பொய்.

இயந்திரம்தானே எழுதியது என்று பிறகு சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த சாட்பாட், துக்கத்துக்குப் பயணம் போகிறவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டு வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2023 பிப்ரவரியில், அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னொரு வகை. வேறொரு பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அதன் பீபாடி கல்லூரி மாணவர்களுக்கு ஓர் ஆறுதல் மெயில் போனது. சாட்ஜிபிடியின் உதவியால் எழுதியது என்று அதன் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. மாணவர்கள் மனம் நொந்தார்கள், கல்லூரி மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. அந்த மெயிலில் தவறான தகவல் என்று எதுவும் பேசப்படவில்லை. நம்மை நினைத்து ஒருவர் உட்கார்ந்து எழுதவில்லையே என்பதுதான் அவர்களைச் சுட்டது.

அப்படியே அனுப்பக்கூடிய இடமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது வழி, வரைவை வைத்துக்கொண்டு அங்கங்கே திருத்துவது. எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான், நானும் அப்படித்தான் தொடங்கினேன். திருத்த உட்கார்ந்த உடனே தெரிந்தது, நடந்தது என்ன என்று எனக்கே தெரியாது. அதனால் மெயிலை மூடிவிட்டுக் கடைக்குள் போய்க் கேட்டேன். பலகாரம் போடும் அக்கா சொன்னார்: "புதன்கிழமை மழை பெஞ்சுக்கிட்டே கெடந்துல்லா மக்கா, பாகு பதம் வரல்லை, உருண்டை பிடிச்சா உதிருது. ரெண்டாவது ஈடு வியாழக்கிழமைதான் பொரிச்சோம்." பெட்டி கட்டும் தம்பியைக் கேட்டேன். "கூரியர் வண்டி நாலு மணிக்கே போயிட்டுண்ணே. நான் கட்டி முடிக்கும்போ அஞ்சாச்சு. நாளைக்கு வண்டியில போட்டுரலாம்னு வச்சிட்டேன்" என்றான். வெள்ளிக்கிழமை நாலு மணி வண்டியில் ஏறியது, இரண்டு நாள் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை விநியோகம் இல்லை, திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. கூரியர்காரர்கள் சொன்ன நாள் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. வியாழக்கிழமை ஐந்து மணிக்கே பெட்டி தவறிவிட்டது எங்களுக்குத் தெரியும். யாரும் அந்த அக்காவுக்கு ஒரு போன் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலில் பெங்களூர் பஸ்ஸில் பார்சலாக ஏற்றியிருக்கலாம், சனிக்கிழமை காலையில் அவரே ஆள் அனுப்பி எடுத்திருப்பார். ஆக, நாங்கள் கேட்க வேண்டிய மன்னிப்பு இரண்டு. தாமதித்ததற்கு ஒன்று, தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது. வரைவில் அதற்கு இடமே இல்லை. இயந்திரத்திடம் இருந்தது அந்த அக்காவின் மெயில் மட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் நடந்தது அதில் இல்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு வரைவுக்குள் செருகினேன். வந்த வாக்கியம் இப்படி இருந்தது: "புதன்கிழமை பாகு பதம் தவறியதாலும், வியாழக்கிழமை நாலு மணி வண்டியைத் தவறவிட்டதாலும் தங்கள் ஆர்டர் வழங்கலில் ஏற்பட்ட தாமதத்திற்கும், அதனால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமத்திற்கும் மனப்பூர்வமாக வருந்துகிறோம்." சத்தம் போட்டுப் படித்தால் தையல் தெரியும். பாதி வாக்கியம் கடைக்காரர் பேசுகிறார், மீதிப் பாதி அறிவிப்புப் பலகை பேசுகிறது.

தையல் தெரிவதைவிட மோசம், வரைவின் சொற்கள் உள்ளே போட்ட உண்மையையும் மழுக்கிவிடுகின்றன. முதல் குற்றவாளி "ஏற்பட்ட" என்ற சொல். தாமதம் ஏற்பட்டது, தவறு நேர்ந்தது, சிரமம் உண்டானது என்று எழுதினால் செய்தவர் யார் என்பதே வாக்கியத்தில் இருக்காது. மழை மாதிரி அது தானாக வந்தது என்று ஆகிவிடும். "நாங்கள் தாமதித்தோம்" என்று எழுதிப் பாருங்கள், எழுதும் கையே ஒரு நொடி நிற்கும். அந்த இடத்தில்தான் பொறுப்பு இருக்கிறது. அப்புறம் "ஏற்பட்டிருக்கக்கூடிய". ஞாயிற்றுக்கிழமை தட்டு காலியாக இருந்தது என்று அவர் எழுதியே அனுப்பிவிட்டார். இருக்கக்கூடிய என்றால், அவர் சொன்னதை நாம் இன்னும் நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? மூன்றாவது "வருந்துகிறோம்". சாலைப் பணி நடக்கும் இடத்தில் பலகையில் எழுதியிருப்பதும் இதேதான், சிரமத்திற்கு வருந்துகிறோம் என்று. வருத்தம் யார் வேண்டுமானாலும் படலாம், சாவு வீட்டுக்குப் போகிறவரும் படுகிறார். மன்னிப்புக் கேட்பவர் மட்டும்தான் தவறு தன்னுடையது என்று ஒத்துக்கொள்கிறார்.

இது என் ரசனை மட்டும் இல்லை. ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் வேறு இருவரும் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மன்னிப்பில் ஆறு பகுதிகள் இருக்கலாம் என்று வகுத்துக்கொண்டு, எது எவ்வளவு எடுபடுகிறது என்று 755 பேரிடம் சோதித்தார்கள். முதலிடம் பிடித்தது, தவறு என்னுடையது என்று பொறுப்பேற்பது. அடுத்தது, சரிசெய்து தருகிறேன் என்பது. கடைசி இடம், மன்னித்துவிடுங்கள் என்று கேட்பதற்கு. எங்கள் வரைவில் வருத்தம் இருந்தது, பொய்யான ஒரு விளக்கம் இருந்தது, சரிசெய்யும் பெயரில் ஒரு தள்ளுபடி இருந்தது. முதலிடம் பிடித்த பகுதி மட்டும் ஒரு சொல்லாகக்கூட இல்லை. அங்கங்கே திருத்தும்போது இந்தக் குறை கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் நாம் இருக்கும் வாக்கியங்களைத்தான் திருத்துகிறோம். இல்லாத வாக்கியம் நினைவுக்கு வராது.

மூன்றாவது வழி, விசாரித்ததை இயந்திரத்திடம் கொடுத்து மறுபடி எழுதவைப்பது. அந்த அக்காவின் பெயர், போன் எண், முகவரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் ஐந்து வரியில் எழுதிக் கொடுத்தேன். வேறொருவர் வீட்டு விசேஷத்தைப் பெயரோடு ஒரு மென்பொருளுக்குள் போட எனக்கு மனம் இல்லை. வந்த வரைவு முன்னதைவிட எவ்வளவோ மேல் என்று ஒத்துக்கொள்கிறேன். தேதிகள் சரியாக இருந்தன, போன் பண்ணாததும் இருந்தது. தவறு எங்களுடையது என்ற வாக்கியமும் வந்துவிட்டது.

ஆனால் மூன்று இடத்தில் கைவைக்க வேண்டியிருந்தது. "தங்கள் தாயாரின் ஏக்கத்தை எண்ணும்போது எங்கள் இதயம் நொறுங்குகிறது" என்று ஒரு வரி. எங்கள் இதயம் நொறுங்கவில்லை. சித்திக்குச் சங்கடமாக இருந்தது, இரண்டு தடவை "அந்தப் பிள்ளை என்ன நினைச்சிருக்கும்" என்று சொன்னார், அவ்வளவுதான். இல்லாத உணர்ச்சியைக் கூட்டி எழுதினால், இருக்கும் உணர்ச்சியும் சேர்ந்து பொய்யாகிவிடும். இரண்டாவது, "இனி ஒருபோதும் இப்படி நடக்காது" என்று ஒரு வாக்குறுதி. மழை நாளில் பாகு மறுபடி பதம் தவறும், அதை நாங்கள் தடுக்க முடியாது. தவறினால் சொல்லிவிடுவோம் என்பதை மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மூன்றாவது சின்னது, ஆனால் தமிழில் அடிக்கடி வருவது. ஓரிடத்தில் "நமது கடை" என்று இருந்தது. நாங்கள் தவறு செய்தோம் என்று சொல்லும் கடிதத்தில் நமது என்று போட்டால், வாங்கியவரையும் தவறில் கூட்டாளியாக இழுத்த மாதிரி ஆகிவிடும்.

இந்த வழி எங்கே பயன்படும் என்றால், ஒரே காரணத்தால் பல பேர் பாதிக்கப்பட்டிருக்கும்போது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லை, தூத்துக்குடி வழியே ரயிலும் ரோடும் முடங்கின. அந்த மாதிரி நேரத்தில் வழியில் முப்பது பெட்டி நின்றுவிட்டால், முப்பது பேருக்கும் காரணம் ஒன்றுதான். அதை ஒரு பத்தியாக எழுதவைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஒவ்வொருவர் பெட்டியும் எங்கே நிற்கிறது, என்ன செய்யப் போகிறோம் என்ற இரண்டு வரியை மட்டும் கையால் எழுதினால் போதும். அங்கே தவறும் நம்முடையது இல்லை என்பதால் கடிதத்தின் கனமும் வேறு.

நாலாவது வழி, வரைவை ஒரு ஓரமாக வைத்துவிட்டு நாமே எழுதுவது. அதிக நேரம் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். நான் நேரம் பார்த்தேன். விசாரிக்க 20 நிமிடம், எழுத 15 நிமிடம். மூன்றாவது வழிக்கும் விசாரிக்க அதே 20 நிமிடம் ஆனது, கூடவே வந்ததைச் சரிபார்க்க 10 நிமிடம். வித்தியாசம் ஐந்தே நிமிடம்தான். நேரம் எழுதுவதில் போகவில்லை, என்ன நடந்தது என்று கேட்டு அறிவதில்தான் போகிறது. அதை எந்த வழியிலும் மிச்சம் பிடிக்க முடியாது.

எழுதுவதற்கு முன்னால் வரைவின் ஏழு வாக்கியத்தையும் இரண்டு கேள்வி கேட்டேன். இதே வாக்கியத்தை ஒரு செருப்புக் கடைக்காரர் வேறொருவருக்கு அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அடி. இது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? பதில் இல்லையென்றால் அடி. நன்றி இரண்டும், திருப்தியும், தரக் குழுவும், போக்குவரத்தும் போயின. வருத்த வாக்கியத்தில் "தாமதம்" என்ற சொல் மட்டும் நின்றது. தள்ளுபடி உண்மைதான், கொடுக்க முடியும். ஆனால் சபையில் தட்டு காலியாக இருந்தவருக்கு, மறுபடி எங்களிடமே வாங்கினால் 10 சதவீதம் குறைப்போம் என்பது சரிசெய்தல் ஆகாது, அது வியாபாரம். அவர் கட்டிய 1,850 ரூபாயை முழுசாகத் திருப்புவது என்று சித்தி முடிவு செய்தார். கடிதம் எழுதும் முன்பே பணத்தை அனுப்பினேன். அனுப்புவோம் என்று எழுதுவதும் அனுப்பிவிட்டோம் என்று எழுதுவதும் படிக்கிறவருக்கு ஒன்றாகத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை போன கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> பொருள்: சனிக்கிழமை வரவேண்டிய முந்திரிக்கொத்து திங்கட்கிழமை வந்தது பற்றி
>
> வணக்கம் மேடம்,
>
> தங்கச்சியின் வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லித்தான் நீங்கள் 100 முந்திரிக்கொத்து கேட்டிருந்தீர்கள். நாங்கள் அதைத் திங்கட்கிழமைதான் கொண்டு சேர்த்தோம். தவறு எங்களுடையது. கூரியர்காரர்கள்மேல் இதில் குறை இல்லை.
>
> புதன்கிழமை பாகு பதம் தவறிப் பாதிதான் முடித்தோம். மீதியை வியாழக்கிழமை பொரித்துப் பெட்டி கட்டும்போது ஐந்து மணி ஆகிவிட்டது, நாலு மணி வண்டியைத் தவறவிட்டோம். பெட்டியை வெள்ளிக்கிழமை வண்டியில்தான் ஏற்றினோம்.
>
> அதைவிடப் பெரிய தவறு, வியாழக்கிழமை சாயங்காலமே இது தெரிந்தும் உங்களுக்குப் போன் செய்யாதது. சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம், அல்லது நீங்கள் வேறு ஏற்பாடு செய்திருப்பீர்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நாங்கள்தான் காரணம். உங்களிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.
>
> நீங்கள் கட்டிய 1,850 ரூபாயையும் இன்று காலை உங்கள் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். பலகாரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.
>
> இன்று முதல் ஆர்டர் சீட்டின் தலைப்பில் விசேஷத் தேதியைச் சிவப்பு மையில் எழுதுகிறோம். வண்டி தவறினால் அன்று ராத்திரி எட்டு மணிக்குள் வாங்கியவருக்குப் போன் போகும். அந்தப் பொறுப்பு என்னுடையது. என்னிடம் நேரில் பேச வேண்டும் என்றால் கீழே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள்.

மழையைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் எழுதியிருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன். மழை உண்மைதான், ஆனால் அதைச் சொன்ன உடனே தவறு வானத்துக்குப் போய்விடும். பாகு பதம் தவறியதைச் சொன்னது எதற்கென்றால், ஒரு நாள் எங்கே போனது என்று அவர் கேட்டால் பதில் வேண்டும் என்பதற்காக. அதுவும் ஒரு வரிதான். விளக்கம் மன்னிப்பைவிட நீளமாகப் போனால் அது சாக்கு என்றுதான் படும். "ஆனால்", "இருப்பினும்" என்று எங்காவது வருகிறதா என்றும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். மன்னிப்புக்குப் பின்னால் அந்தச் சொல் வந்தால் முன்னால் சொன்னது எல்லாம் ரத்து.

கடைசிப் பத்தியில் "என்னுடையது" என்று ஒருமையில் இருப்பதும் தெரிந்தே செய்ததுதான். கடை செய்த தவறுக்கு "நாங்கள்". இனிமேல் போன் பண்ணப் போகும் ஆளுக்கு "நான்". எல்லாவற்றையும் "நாங்கள்" என்று எழுதினால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று தெரியாது. எல்லாவற்றையும் "நான்" என்று எழுதினால் பெட்டி கட்டிய தம்பியையும் பாகு காய்ச்சிய அக்காவையும் மறைத்து நான் பெருமை தேடிய மாதிரி ஆகிவிடும்.

மெயில் வேண்டாம், போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்கலாம். உணவால் உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டது என்றால் நான் முதலில் போன்தான் எடுப்பேன், கடிதத்தையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அனுப்ப மாட்டேன். இவர் மெயிலில் எழுதியிருந்தார், வீட்டில் விருந்தாளிகள் இருந்திருப்பார்கள், யோசித்து எழுதிய ஒருவருக்கு யோசித்து எழுதுவதுதான் சரி என்று பட்டது. பேசுவதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டேன். அவர் தமிழில் எழுதியதால் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஆங்கிலத்தில் எழுதியிருப்பேன்.

இனி, இயந்திர வரைவை அப்படியே அனுப்பக்கூடிய இடம். புகார் வந்த உடனே உண்மை தெரியாது, விசாரிக்க நேரம் வேண்டும். ஆனால் அதுவரை அவர் பதில் வராமல் காத்திருக்கக் கூடாது. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளும், இணையவழி விற்பவர்கள் புகார் கிடைத்தது என்பதை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. கிடைத்தது என்ற அந்தப் பதிலுக்கு இயந்திரம் போதும், ஏனென்றால் அதில் மன்னிப்பு இருக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை ராத்திரி நான் அனுப்பியது இரண்டு வரி: "உங்கள் மெயில் கிடைத்தது. என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு நாளைக் காலை 11 மணிக்குள் எழுதுகிறேன்." இரண்டு வரியும் இயந்திரம் எழுதியவைதான். "விரைவில்" என்று அது போட்டிருந்த இடத்தில் 11 மணியை மட்டும் நான் வைத்தேன்.

ரசீதில் எண் தப்பாகப் போனது, பில்லில் பெயர் பிழை மாதிரி விஷயங்களுக்கும் வரைவைத் திருத்தி அனுப்புகிறேன். அங்கே திருத்திய ரசீதுதான் முக்கியம், கடிதத்தை யாரும் இரண்டாவது தடவை படிப்பதில்லை. ஒருவர் நாளோ சபையோ எங்களால் கெட்டது என்றால் மட்டும் வரைவைத் திறப்பதே இல்லை. திறந்தால் அதன் வாக்கியங்கள் காதில் ஒட்டிக்கொள்கின்றன, பிறகு எழுதும்போது "ஏற்பட்ட" தானாக வந்து விழுகிறது. எழுதி முடித்த பிறகு ஒருமுறை திறந்து, நாம் விட்டது ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. இந்தத் தடவை ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. "பணம் வந்துவிட்டது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாகு தவறினால் உருண்டை உதிரத்தான் செய்யும் என்று சொன்னார்கள். திங்கட்கிழமை வந்ததைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்." அதற்குப் பிறகு இன்றுவரை அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை. சிவப்பு மைப் பேனா கல்லாப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிறது. அதன்பிறகு ஒரு தடவை வண்டி தவறியது. ராத்திரி ஏழே முக்காலுக்குத் திருச்சிக்குப் போன் போட்டேன்.